தண்ணீர் வருகிறது, வேகம் வரவில்லை: மேல்மாடி வீட்டுக்கு எந்த ஷவர்?

"தம்பி, ஷவர் தலையைப் பார்த்தால் தாம்பாளம் மாதிரி இருக்கிறது. தண்ணீர் மட்டும் கீரைப் பாத்திக்குத் தெளிக்கிற மாதிரி விழுகிறது."

உட்லண்ட்ஸில் ஒரு புளோக்கின் உச்சி மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னது இது. பாலஸ்டியர் சாலைக் கடைகளில் பார்த்துப் பார்த்து, இருபது சென்டிமீட்டர் அகல மழை ஷவர் செட் ஒன்றை வாங்கி, உடனடி ஹீட்டரோடு மாட்டியிருந்தார். கடையில் மாட்டிக் காட்டியபோது கொட்டோ கொட்டென்று கொட்டியதாம். வீட்டில் நடுவிலிருந்த துளைகள் மட்டும் ஒழுகின. ஓரத்துத் துளைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

குளியலறை வேலைக்குப் போகும் வீடுகளில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். ஆனால் "தண்ணீர் வேகம் இல்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து வேறுவேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். எது என்று தெரியாமல் ஷவர் தலையை மாற்றினால் காசுதான் போகும். அதனால் எந்த ஷவர் வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாளிச் சோதனை

வீவக புளோக்குகளில் கீழ் மாடிகளுக்குப் பெரும்பாலும் தெருவின் பெரிய குழாயிலிருந்தே நேராகத் தண்ணீர் வருகிறது. மேல் மாடிகளுக்கு மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதால் உச்சி மாடிக்குத்தான் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். அழுத்தம் என்பது தலைக்கு மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதுதான். பத்து மீட்டர் உயரம் நின்றால் ஏறத்தாழ 1 பார். தொட்டியிலிருந்து பத்து மாடி கீழே இருப்பவருக்கு இரண்டரை பாருக்கு மேல் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே இருப்பவருக்கு 0.3 பார் கிடைத்தாலே பெரிது. சில புளோக்குகளில் உச்சி மாடிகளுக்கென்று தனி பம்பு வைத்திருப்பார்கள். அதனால் மாடி எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

அழுத்தமே குறைவா, அல்லது வழியில் ஏதோ அடைத்திருக்கிறதா? இரண்டிலும் ஷவர் ஒரே மாதிரிதான் சோர்ந்து விழும். இரண்டையும் பிரித்துக் காட்ட அழுத்தமானி இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கை ஷவரின் தலையைக் கழற்றி, வெறும் ஹோஸை மட்டும் வையுங்கள். ஒன்றரை லிட்டர் பாட்டிலால் இரண்டு முறை வாளியில் ஊற்றி, மூன்று லிட்டர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் ஹோஸின் வாயை இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்து, வாளியையும் அந்த உயரத்துக்குத் தூக்கி, கோடு வரை நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். இதற்கு வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். பிறகு வாளியைத் தரையில் வைத்து, ஹோஸின் வாயைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, மறுபடியும் பாருங்கள். இரண்டு முறையும் குழாய் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் தண்ணீர் பிடிக்கக் கூடாது.

இரண்டு நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் உங்கள் வீட்டில் அழுத்தம் இருக்கிறது. தண்ணீர் குறைவாக வந்தால் அதற்கு வழியில் உள்ள தடைதான் காரணம். கீழே பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற அளவு சீக்கிரம் நிரம்பினால் அழுத்தமே குறைவு. காரணம் எளிது. தலைக்கு மேல் இருபது மீட்டர் தண்ணீர் நிற்கும் வீட்டில் ஹோஸை ஒன்றே முக்கால் மீட்டர் இறக்கினால் ஓட்டம் நாலு சதவீதம்தான் கூடும். அதை யாரும் கவனிக்க முடியாது. மூன்று மீட்டர்தான் நிற்கிறது என்றால் கால் பங்கு கூடிவிடும். குழாயில் அடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த விகிதம் மாறாது. அதுதான் இந்தச் சோதனையின் அழகு.

அக்கா வீட்டில் மேலே பிடித்தபோது 24 வினாடி, கீழே 19 வினாடி. கணக்குப் போட்டால் ஹோஸைத் தூக்கிப் பிடித்த இடத்துக்கு மேல் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் தண்ணீர்தான் நிற்கிறது. அதாவது 0.3 பார். அடைப்பைத் தேட வேண்டிய வீடு இல்லை அது.

"மழை ஷவர் தூறுகிறது, தோளில் படுவதே தெரியவில்லை"

அதே வாளியை மழை ஷவருக்கு அடியில் பிடித்தோம். மூன்று லிட்டர் நிரம்ப 26 வினாடி. வெறும் ஹோஸுக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டே வினாடி. அக்கா நம்பவில்லை, இன்னொரு முறை பிடிக்கச் சொன்னார். மறுபடியும் அதே 26. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஏழு லிட்டர் வருகிறது. குளிக்க இது தாராளம். ஆக, தண்ணீர் குறைவில்லை, வேகம்தான் இல்லை.

ஏன் என்று புரிய ஷவர் தலையின் துளைகளை எண்ண வேண்டும். அந்தத் தட்டில் சுமார் நூறு துளைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அகலம். எல்லாத் துளைகளின் பரப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 78 சதுர மில்லிமீட்டர். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸின் உள்விட்டம் எட்டு மில்லிமீட்டர், பரப்பு 50 சதுர மில்லிமீட்டர். வருகிற வழியைவிடப் போகிற வழி பெரிது. அப்படியென்றால் தட்டுக்குள்ளே தண்ணீர் தேங்கி அழுத்தம் ஏறவே வாய்ப்பில்லை. வந்த தண்ணீர் அருகில் உள்ள துளைகளில் வழிந்துவிடும், ஓரத்துக்குப் போய்ச் சேராது. நல்ல அழுத்தம் உள்ள வீட்டில் பின்னால் வரும் தண்ணீர் அத்தனை வேகமாக வந்து தட்டை நிரப்பிவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. கடையில் கொட்டியதன் ரகசியம் அதுதான்.

என் பையில் எப்போதும் ஒரு சிறிய கை ஷவர் இருக்கும். நாற்பது துளை, ஒவ்வொன்றும் 0.8 மில்லிமீட்டர். மொத்தப் பரப்பு 20 சதுர மில்லிமீட்டர், ஹோஸின் பரப்பில் பாதிகூட இல்லை. அதை மாட்டி நெஞ்சு உயரத்தில் பிடித்து வாளியில் விட்டோம். மூன்று லிட்டருக்கு 33 வினாடி, நிமிடத்துக்கு ஐந்தரை லிட்டர். மழை ஷவரைவிடத் தண்ணீர் குறைவு. ஆனால் அக்கா கையை நீட்டியதும், "இதுதானே நான் கேட்டது" என்றார். குறைந்த தண்ணீர் நாலில் ஒரு பங்கு வழியில் போவதால், துளையை விட்டு வெளிவரும் வேகம் ஏறத்தாழ மூன்று மடங்கு.

கை ஷவருக்கு இன்னொரு அனுகூலமும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. மழை ஷவர் நம் தலைக்கு மேல், தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் நிற்கும். கை ஷவரை அதற்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே பிடிக்கிறோம். இருபது மீட்டர் அழுத்தம் உள்ள வீட்டில் இது ஒன்றும் இல்லை. மூன்று மீட்டர்தான் என்னும்போது அந்த ஒரு மீட்டர் மூன்றில் ஒரு பங்கு. அதனால் உச்சி மாடி வீடுகளில் கை ஷவர் கொக்கியைத் தலைக்கு மேல் மாட்டாமல் தோள் உயரத்தில் இன்னொன்று மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். பிள்ளைகளுக்கும் வசதி.

கடையில் வாங்கும்போது பெட்டியில் "லோ பிரஷர்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். துளைகளைப் பாருங்கள். முகம் சிறியதாக, துளைகள் குறைவாக, ஊசிமுனை போல இருக்க வேண்டும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர்ச் சிக்கன வில்லையில் டிக் கூடக் கூடத் தண்ணீர்ச் செலவு குறைவு. டிக் அதிகம் இருந்தால் வேகம் இருக்காது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் துளையைச் சிறிதாக்கித் தண்ணீரைக் குறைத்த தலையில் வேகம் கூடத்தான் செய்யும். உள்ளே தடை வைத்துக் குறைத்த தலையில்தான் சோர்வு வரும். அது அடுத்த புகாருக்குள் வருகிறது.

சரி, மழை ஷவர் வேண்டவே வேண்டும் என்றால்? வாளிச் சோதனையில் மேலேயும் கீழேயும் ஒரே நேரம் ஆன வீடாக இருந்தால் தாராளமாக மாட்டலாம். வித்தியாசம் தெரிந்த வீடாக இருந்தால், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாத சிறிய தட்டு, துளை குறைவானதாகப் பார்த்து வாங்கலாம். அதிலும் மழை விழாது, தூறல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

"கீழே உள்ள குழாயில் நன்றாக வருகிறது, ஷவரில் மட்டும் இல்லை"

வாளிச் சோதனையில் இரண்டு நேரமும் ஒன்றாக இருந்தால் இது அழுத்தக் குறைவு இல்லை, தடை. எந்தத் தலை வாங்கினாலும் தீராது. தண்ணீர் வரும் வழியிலேயே பின்னோக்கிப் போக வேண்டும்.

ஷவர் தலையைக் கழற்றினால், ஹோஸும் தலையும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். சிலவற்றில் அதோடு ஒரு வலை இருக்கும். பல வீடுகளில் அங்கே சின்னப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றும் இருக்கும், நடுவில் சிறு துளையோடு. தண்ணீரைச் சேமிக்க முன்பு யாரோ போட்டது. வீடு கைமாறியபின் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. புதுத் தலையிலும் இதேபோல் ஒரு கட்டுப்பாட்டு வில்லை இருந்தால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு தடைகள். பழையதை எடுத்துவிட்டு, புதுத் தலையோடு வந்ததைக் கழுவி மாட்டுங்கள்.

வலையில் என்ன சிக்கியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஊரில் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பார்த்துப் பழகியவர்கள் உப்புப் படிவம் என்பார்கள். இங்கே நான் அதிகம் எடுத்தது வெள்ளை டேப் துணுக்குகள். மறையில் சுற்றும்போது முனையைத் தாண்டிச் சுற்றிவிட்டால் அந்த நுனி பிய்ந்து, அடுத்த வலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது வீட்டில் சிமெண்ட் மணலும் வரும். பழைய ஹோஸில் உள் ரப்பர் உரிந்து கருப்புத் துணுக்குகளாக வரும். அப்படி வந்தால் வலையைக் கழுவிப் பயனில்லை, ஹோஸையே மாற்ற வேண்டும். ஹோஸுக்கும் தலைக்கும் இடையே டேப் தேவையே இல்லை, வாஷர் போதும்.

வலை சுத்தமாக இருந்தால் ஹீட்டருக்கு வாருங்கள். உடனடி ஹீட்டரில் தண்ணீர் நுழையும் இடத்திலும் ஒரு வலை உண்டு. அதற்கு முன்னால் ஒரு ஸ்டாப் வால்வு. மெயின் சுவிட்சை அணைத்து, வால்வை மூடியபின்தான் அதைத் திறக்க வேண்டும். ஈரக் கையோடு ஹீட்டரின் மூடியைக் கழற்றும் வேலை வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

வீடு முழுவதும் குறைவாக வந்தால், வாசலுக்கு வெளியே மீட்டர் பக்கத்தில் உள்ள வால்வைப் பாருங்கள். ரெனவேஷன் முடித்துப் போனவர்கள் பாதி திறந்து விட்டுப்போன வால்வுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

"சூடு ஏறவே மாட்டேன் என்கிறது" அல்லது "ஹீட்டர் விட்டு விட்டு எரிகிறது"

இது இரண்டு எதிரெதிரான கோளாறு. முதலாவதில் தண்ணீர் அதிகம், இரண்டாவதில் குறைவு.

உடனடி ஹீட்டரில் சூடு என்பது ஓட்டத்தைப் பொறுத்தது. 3.3 கிலோவாட் ஹீட்டர் ஒன்று, நிமிடத்துக்கு ஐந்தரை லிட்டர் ஓடினால் ஏறத்தாழ எட்டரை டிகிரிதான் ஏற்றும். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்தால் 36 சொச்சம் வரும். ஏழு லிட்டர் ஓடினால் ஏழு டிகிரிகூட ஏறாது, 35ஐத் தொடாது. அதன் பிறகு அகலமான தட்டிலிருந்து சிதறி விழும்போது இன்னும் ஆறும். அக்கா வீட்டில் மழைக்கால இரவுகளில் "ஹீட்டர் கெட்டுவிட்டது" என்று நினைத்ததற்குக் காரணம் இதுதான். ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை. ஆக, மழை ஷவரும் உடனடி ஹீட்டரும் ஒத்துப்போகாத ஜோடி. மழை ஷவர் ஆசை உள்ளவர்களுக்குத் தொட்டி வைத்த ஹீட்டர்தான் பொருந்தும். அப்போதும் அழுத்தப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

விட்டு விட்டு எரிவது வேறு. தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஓட்ட சுவிட்ச் ஹீட்டருக்குள் இருக்கும். ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது சூட்டை அணைத்துவிடும். துளை மிகச் சிறிய தலையைக் குறைந்த அழுத்தத்தில் மாட்டினால் இது நடக்கும். அதாவது வேகத்துக்காகத் துளையைக் குறைத்துக்கொண்டே போக முடியாது, இந்த இடத்தில் கட்டை விழும். வாங்கும்போதே, ஹீட்டர் எரியவில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கைப்பிடியில் நிறுத்தும் பொத்தான் உள்ள தலைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல உடனடி ஹீட்டர்களின் கையேட்டில் வெளிவரும் பக்கத்தை எதைக்கொண்டும் அடைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அப்படியென்றால் அந்தப் பொத்தான் வேண்டாம். குழாயில் மூடுங்கள்.

"மல்டி ஸ்ப்ரேயில் ஒரு மோட் மட்டும்தான் வேலை செய்கிறது"

மல்டி ஸ்ப்ரே என்பது ஒரே முகத்தில் மூன்று நாலு ஷவர்கள். வளையத்தைத் திருப்பும்போது உள்ளே ஒரு தகடு நகர்ந்து சில துளைகளை மூடி, சிலவற்றைத் திறக்கும். குறைந்த அழுத்தத்தில் இதில் ஒன்றிரண்டுதான் உருப்படும். எது என்று துளைக் கணக்கே சொல்லிவிடும். எல்லாத் துளையும் திறக்கும் மழை மோடில் தூறும். நடுவில் நாலைந்து துளை மட்டும் திறக்கும் மோடில் நன்றாக அடிக்கும். துடித்துத் துடித்து அடிக்கும் மசாஜ் மோடுக்கு உள்ளே ஒரு சிறிய சக்கரம் சுழல வேண்டும். வேகம் போதாவிட்டால் அது நின்றுவிடும், ஒரு பக்கத் துளைகளில் மட்டும் வழியும். பனி மாதிரித் தூவும் மோடுக்கு அழுத்தம் மிக அதிகம் வேண்டும், உச்சி மாடியில் அது சொட்டத்தான் செய்யும். இதெல்லாம் கோளாறு இல்லை, திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனாலும் கடையில் ஒழுங்காக வேலை செய்து உங்களைச் சங்கடப்படுத்தும்.

மல்டி ஸ்ப்ரேயில் எனக்குப் பிடித்த விஷயம், எந்தத் துளைக் கணக்கு உங்கள் வீட்டுக்குச் சரிவரும் என்று வாங்கியபின்கூடத் தேடிப் பார்க்கலாம் என்பது. பிடிக்காதது, அந்தத் தகடும் அதன் வளைந்த வழிகளும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்றுவிடுவது. 0.3 பார் வீட்டில் தின்னக் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் அங்கே ஒரே மோட் உள்ள சிறிய கை ஷவர். அழுத்தம் ஓரளவு இருந்து ஆளுக்கு ஒரு விருப்பம் இருக்கும் வீட்டில் மல்டி ஸ்ப்ரே.

"குமிழை இழுத்தால் தானே கீழே விழுகிறது"

கீழே உள்ள குழாயிலிருந்து ஷவருக்குத் திருப்பும் குமிழ்களில் ஒரு வகை, தண்ணீரின் அழுத்தம் தாங்குவதால்தான் மேலே நிற்கும். அழுத்தம் போதாத வீட்டில் பாதிக் குளியலில் விழுந்துவிடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். திருகித் திருப்பும் வகைக்கு மாறினால் சரியாகிவிடும்.

"காலையில் மட்டும் குறைகிறது"

உங்கள் வீட்டில் சலவை இயந்திரம் ஓடும்போது மட்டும் குறைந்தால் வீட்டுக் குழாய்தான் பங்கு போடுகிறது. யாரும் எதையும் திறக்காதபோதும் காலையில் குறைந்தால் புளோக்கின் பொதுக் குழாயில் பங்கு. மேல் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் அப்படித்தான் என்றால் நகர மன்றத்திடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. பம்பு இருக்கிற புளோக்கில் திடீரென்று எல்லா நேரமும் குறைந்தாலும் அப்படியே.

வீட்டுக்குள் தனியாக பம்பு வைக்கலாமா என்று கேட்பார்கள். அது நீங்களே வாங்கிச் சொருகும் சாமான் இல்லை. தெருக் குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீரில் பம்பு வைத்து இழுக்கக் கூடாது. தொட்டித் தண்ணீர் வரும் வீடாக இருந்தாலும் உரிமம் பெற்ற பிளம்பர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"மூடிய பிறகும் சொட்டுகிறது"

மழை ஷவரை வைத்துக்கொண்ட அக்காவிடமிருந்து இரண்டு வாரம் கழித்து வந்த புகார் இது. கை ஷவரில்தான் குளிக்கிறார், தட்டைக் கழற்ற மனசு வரவில்லை. பேரன் வந்தால் மட்டும் திறக்கிறார். அகலமான தட்டுக்குள்ளும் அதற்குப் போகும் வளைந்த குழாயிலும் மூடியபின் தண்ணீர் தேங்கி நிற்கும். அது மெல்லச் சொட்டி வடியும். தட்டைக் கையால் ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஒரேயடியாகக் கொட்டி நின்றுவிடும். சாய்த்து வடித்தபின்பும் ஒரு மணி நேரம் கழித்துச் சொட்டிக்கொண்டிருந்தால் கோளாறு தட்டில் இல்லை, மூடும் குழாயின் உள்ளே இருக்கிறது.